தேர்வு எந்த இடத்தில் துல்லியமாக அளக்கிறது? வினா மறுமொழிக் கோட்பாட்டு அறிக்கையைப் படிக்க ஓர் எளிய விளக்கம்

ஒரு பெரிய தேர்வு நடந்து முடிந்த பின், அதன் தொழில்நுட்ப அறிக்கை வெளிவரும்போது எல்லோருடைய கண்ணும் இரண்டு இடங்களில் போய் நிற்கும். ஒன்று, ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே a, b என்ற தலைப்புகளின் கீழ் எண்கள் நிரம்பிய அட்டவணை. மற்றொன்று, குன்று போல் எழுந்து தாழும் ஒரு வளைகோடு. அதன்பின் விவாதம் தொடங்கிவிடும். "26-ஆவது வினாவின் கடினத்தன்மை 3.35, அதுதான் தேர்விலேயே மிகக் கடினமான வினா" என்பார் ஒருவர். "நம்பகத்தன்மை 0.88, ஆகவே தேர்வில் குறையில்லை" என்பார் இன்னொருவர். "41 சதவீதம் பேர் சரியாக எழுதிய வினா, 28 சதவீதம் பேர் எழுதிய வினாவைவிட எளிது" என்பது மூன்றாவது குரல். மூன்றுமே பார்வைக்குச் சரியாகத்தான் தோன்றுகின்றன. ஆனால் இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணத் தேர்வில் மூன்றுமே தவறு.

அந்தத் தேர்வில் 40 வினாக்கள். சரியான விடைக்கு 1, தவறுக்கு 0. திறன் அளவுகோலில் 1.5 என்ற புள்ளிக்கு மேலே இருப்பவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை; கணக்குகள் மெய்யானவை, கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம்.

## சதவீதம் ஏன் போதவில்லை

ஒரு வினாவை 70 சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்றால் அது எளிய வினா என்கிறோம். அதே வினாவைக் குறைவாகப் பயிற்சி பெற்ற ஒரு குழுவிடம் கொடுத்தால் 30 சதவீதம் பேர்தான் சரியாக எழுதுவார்கள். வினாவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்படியானால் அந்த 70 எதைச் சொன்னது? வினாவையும் அதை எழுதியவர்களையும் சேர்த்துச் சொன்னது. மதிப்பெண்ணுக்கும் இதே சிக்கல் உண்டு. 40-க்கு 30 என்பது எளிய வினாத்தாளில் ஒரு பொருளையும் கடினமான வினாத்தாளில் வேறொரு பொருளையும் தருகிறது.

ஒட்டிக்கிடக்கும் இந்த இரண்டையும் பிரிக்கும் முயற்சியே வினா மறுமொழிக் கோட்பாடு. ஒருவர் ஒரு வினாவுக்குச் சரியாக விடை எழுதும் வாய்ப்பை, அவருடைய திறனையும் அந்த வினாவின் இயல்புகளையும் தனித்தனி எண்களாக வைத்துக் கணக்கிடும் முறை அது. அமெரிக்காவில் ஃபிரெடெரிக் லார்ட் 1952-இலும், டென்மார்க்கின் கணித அறிஞர் கியார்க் ராஷ் 1960-இலும் இதற்குத் தனித்தனி வழிகளில் அடித்தளம் இட்டார்கள். இன்று பரவலாகப் பயன்படும் வளைகோட்டு வடிவத்தை ஆலன் பர்ன்பாம் முன்வைத்தார்.

## ஒரு சல்லடையிலிருந்து தொடங்குவோம்

ஜல்லியைச் சலித்துப் பிரிக்கும் சல்லடையை எண்ணிப்பாருங்கள். சல்லடையின் கண்ணைவிடப் பெரிய கல் மேலே நிற்கும், சிறியது கீழே விழும். ஒவ்வொரு வினாவும் இப்படி ஒரு சல்லடை. அதை எழுதுபவரின் திறனே கல்லின் அளவு. மேலே நின்றால் விடை சரி, விழுந்தால் தவறு.

சல்லடையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். முதலாவது, கண் எவ்வளவு பெரியது? இதுவே வினாவின் கடினத்தன்மை. கண் பெரிதானால், மேலே நிற்கப் பெரிய கல்லாக இருக்க வேண்டும். இரண்டாவது, எல்லாக் கண்களும் ஒரே அளவா? ஒரே சீராகப் பின்னிய சல்லடை, சற்றே பெரிய கல்லையும் சற்றே சிறிய கல்லையும் கச்சிதமாகப் பிரித்துவிடும். சில கண்கள் கிழிந்து அகன்றும் சில அடைத்துச் சுருங்கியும் இருந்தால், பெரிய கல்லும் சில நேரம் விழும், சிறிய கல்லும் சில நேரம் நிற்கும். இந்தச் சீர்மைதான் பிரித்தறிதல்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். ஒரே கண் அளவுள்ள பத்துச் சல்லடைகளை அடுக்கினால் அந்த அளவுக்கு அருகே உள்ள கற்களை மட்டும் நன்றாகப் பிரிக்கலாம். அதைவிட மிகப் பெரிய கற்கள் எல்லாம் மேலேயே நின்றுவிடும். அவற்றுள் எது பெரிது என்று அந்தப் பத்தும் சொல்லாது.

சுருக்கமாக: கடினத்தன்மை என்பது வினா எந்த இடத்தில் பிரிக்கிறது என்பது. பிரித்தறிதல் என்பது அங்கே எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கிறது என்பது.

## சல்லடையிலிருந்து வளைகோட்டுக்கு

இப்போது மெய்யான வடிவத்துக்கு வரலாம். திறனை θ என்ற எழுத்தால் குறிக்கிறார்கள். தீட்டா என்று படிக்க வேண்டும். கடினத்தன்மை b, பிரித்தறிதல் a. சரியாக விடை எழுதும் வாய்ப்பு இது:

```
P(θ) = 1 / (1 + exp(-a(θ - b)))
```

திறன் ஏற ஏற, இந்த வாய்ப்பு 0-க்கு அருகிலிருந்து 1-ஐ நோக்கி, படுத்த S போல ஏறுகிறது. θ சரியாக b-க்குச் சமமாக இருக்கும்போது வாய்ப்பு 0.5. ஆகவே b என்பது பாதிக்குப் பாதி வாய்ப்பு கிடைக்கும் இடம். அந்த இடத்தில் கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதை a சொல்கிறது.

நம் தேர்வின் இரண்டு வினாக்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 12-ஆவது வினாவுக்கு a = 1.8, b = 0.8. ஏழாவது வினாவுக்கு a = 0.5, b அதே 0.8. திறன் 0 உள்ளவர் 12-ஆவது வினாவைச் சரியாக எழுதும் வாய்ப்பு 19 சதவீதம், திறன் 1.6 உள்ளவருக்கு அது 81 சதவீதம். நடுவே பெரிய இடைவெளி. ஏழாவது வினாவில் அதே இருவருக்கும் கிடைப்பது 40 சதவீதமும் 60 சதவீதமும். ஒருவர் இதைச் சரியாக எழுதிவிட்டார் என்பதைக் கொண்டு அவர் இருவருள் யார் என்று துணிந்து சொல்ல முடியுமா? முடியாது. கண்கள் கிழிந்த சல்லடை அது.

சரியான விடையைக் குருட்டாம்போக்கில் குறித்துவிடும் வாய்ப்புக்காக மூன்றாவதாக ஓர் எண்ணைச் சேர்க்கும் வடிவமும் உண்டு. இந்தக் கட்டுரைக்கு இரண்டு எண்களே போதும்.

## கடினத்தன்மையைத் தவறாகப் படிக்கும் இடம்

மேலே சொன்ன இரண்டு வினாக்களுக்கும் b ஒன்றே. ஆனால் திறனின் சராசரி 0, திட்ட விலக்கம் 1 என்று மணி வடிவில் பரவிய ஒரு குழுவிடம் இவற்றைக் கொடுத்தால், 12-ஆவது வினாவைச் சரியாக எழுதுவோர் சுமார் 28 சதவீதம், ஏழாவது வினாவை எழுதுவோர் சுமார் 41 சதவீதம். ஏழாவது வினா எளிது என்பதால் இப்படி நேரவில்லை. அது மங்கலாகப் பிரிப்பதால், திறன் குறைந்தவர்களில் பலரும் அதைச் சரியாக எழுதிவிடுகிறார்கள். எந்த வினாவும் மங்கலாகும்போது, சரியாக எழுதியோர் சதவீதம் 50-ஐ நோக்கி இழுக்கப்படுகிறது. சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

இப்போது 26-ஆவது வினா. அதையும் 28 சதவீதம் பேர்தான் சரியாக எழுதினார்கள். ஆனால் அதன் a வெறும் 0.3. அவ்வளவு தட்டையாக ஏறும் கோடு 50 சதவீதத்தைத் தொட வேண்டுமானால் வெகுதூரம் வலப்பக்கம் போக வேண்டும். போய்த் தொடும் இடம் 3.35. அட்டவணையில் "மிகக் கடினமான வினா" என்று கண்ணைப் பறிப்பது இந்த எண்தான். உண்மையில் அந்த வினா கடினமாக இருப்பதைவிட, மங்கலாக இருப்பதே விஷயம். 12-ஆவது வினாவையும் அதே அளவு பேர்தான் சரியாக எழுதினார்கள், அதன் b-யோ 0.8.

நல்ல அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் அருகே அதன் திட்டப் பிழை இருக்கும். ஒரு மதிப்பீடு உண்மையிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகக்கூடும் என்பதே திட்டப் பிழை. நம் அட்டவணையில் 12-ஆவது வினாவின் b-க்குத் திட்டப் பிழை 0.06, 26-ஆவது வினாவுக்கு 0.9. அதாவது 3.35 என்பது இரண்டுக்குக் கீழேயும் இருக்கலாம், ஐந்தை எட்டியும் இருக்கலாம். இந்தத் திட்டப் பிழை இல்லாத அட்டவணையைப் பார்த்தால் எனக்கு அந்த அறிக்கையின் மேல் நம்பிக்கை பாதியாகக் குறைந்துவிடும்.

சுருக்கமாக: b-ஐத் தனியே படிக்கக் கூடாது. மிகப் பெரிய b-யும் மிகச் சிறிய a-யும் சேர்ந்து வந்தால், அங்கே சொல்லப்படுவது கடினம் அல்ல, குழப்பம்.

## பிரித்தறிதல் வர்க்கமாகப் பெருகுகிறது

ஒரு வினா திறனைப் பற்றி எவ்வளவு துப்புத் தருகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லலாம். அதற்கு வினாத் தகவல் என்று பெயர். இந்த இரண்டு எண் வடிவத்தில் அதன் கணக்கு எளிது:

```
I(θ) = a² × P(θ) × (1 - P(θ))
```

P-ஐயும் (1 - P)-ஐயும் பெருக்கினால், P பாதியாக இருக்கும்போதுதான் பெருக்கற்பலன் உச்சம், அதாவது 0.25. ஆகவே ஒவ்வொரு வினாவும் தன் b-க்கு அருகேதான் அதிகம் பேசும். இது சல்லடை சொன்ன அதே செய்திதான். விடை என்ன வரும் என்பது முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்த இடத்தில் கேள்வி கேட்டுப் பயனில்லை.

ஆனால் a-வின் தலைமேல் ஒரு 2 உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். 12-ஆவது வினாவின் உச்சத் தகவல் 1.8 × 1.8 × 0.25, அதாவது 0.81. ஏழாவது வினாவின் உச்சத் தகவல் 0.5 × 0.5 × 0.25, அதாவது 0.0625. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிட்டத்தட்ட 13. திறன் 0.8-க்கு அருகே உள்ளவர்களைப் பிரிக்க, ஏழாவது வினாவைப் போன்ற 13 வினாக்கள் சேர்ந்துதான் 12-ஆவது வினா ஒன்றின் வேலையைச் செய்ய முடியும். தேர்வு எழுதுபவரின் நேரத்தை எண்ணிப் பார்த்தால் இந்த 13 சிறிய விஷயம் அல்ல.

அதற்காக a அதிகம் உள்ள வினா எங்கும் சிறந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். திறன் -2 உள்ளவர்களிடம் 12-ஆவது வினா தரும் தகவல் 0.02, மங்கலான ஏழாவது வினா தருவது 0.04. கூர்மையான வினா தன் இடத்தில் ஓங்கி ஒலிக்கும், தன் இடத்தை விட்டு நகர்ந்தால் வேகமாக ஓய்ந்துவிடும்.

a-வின் மதிப்பு இரண்டு வகைகளில் எச்சரிக்கை மணி அடிக்கும். முதலாவது, a எதிர்மறையாக வருவது. திறன் கூடக் கூடச் சரியாக எழுதுவோர் குறைகிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் காரணம் எளியது: விடைக் குறிப்பில் தவறு. நம் 19-ஆவது வினாவுக்கு முதலில் வந்த a, -0.6. விடைக் குறிப்பு 'ஆ' என்றது. மொத்த மதிப்பெண்ணின்படி தேர்வர்களை ஐந்து அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கும் எந்த விடையைத் தேர்ந்தது என்று பார்த்தபோது, மேலடுக்கில் பெரும்பாலோர் 'இ'-யைக் குறித்திருந்தார்கள். கீழடுக்கில்தான் 'ஆ' அதிகம். வினாவை மறுபடி படித்தால் 'இ'-யே சரி. குறிப்பைத் திருத்தி மறுபடி கணக்கிட்டதும் a 1.2 ஆனது. அறிக்கையில் இது திருத்தத்தோடு பதிவாக வேண்டும், சத்தமில்லாமல் மறைந்துவிடக் கூடாது.

இரண்டாவது, a சந்தேகப்படும் அளவுக்குப் பெரிதாக, அதுவும் அடுத்தடுத்த வினாக்களில் கூட்டமாக வருவது. ஒரே பத்தியைப் படித்து ஆறு வினாக்களுக்கு விடை எழுத வேண்டியிருந்தால், பத்தியைப் பிடித்துக்கொண்டவர் ஆறையும் சரியாக எழுதுவார், தவறவிட்டவர் ஆறையும் கோட்டைவிடுவார். கணக்கு இதை ஆறு தனித்தனிச் சாட்சிகளாக எண்ணிக்கொள்ளும். உண்மையில் அவர்கள் ஒரே வீட்டிலிருந்து வந்த சாட்சிகள். திறனின் பங்கைக் கழித்த பிறகும் இரண்டு வினாக்களின் விடைகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பதற்கு Q3 என்ற அளவை வெண்டி யென் 1984-இல் கொடுத்தார். அது 0.2-ஐத் தாண்டினால் அந்த இணையை உற்றுப் பார்ப்பது வழக்கம்.

## இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன

சல்லடை உவமை இங்கே ஒரு வரம்பைத் தொடுகிறது. சல்லடையின் கண்ணை அளவுகோல் வைத்து அளக்கலாம். வினாவின் கண்ணை அளக்க எந்தக் கருவியும் இல்லை. அதன் மேல் எவை நின்றன, எவை விழுந்தன என்பது மட்டுமே நமக்குத் தெரியும். கற்களின் அளவும் தெரியாது. தெரியாததைக் கொண்டு தெரியாததை அளக்க வேண்டும்.

இதைச் செய்யும் பணிக்குத்தான் அளவுத்திருத்தம் என்று பெயர்: விடைத்தாள்களின் 0, 1 குவியலிலிருந்து ஒவ்வொரு வினாவின் a, b-ஐ மதிப்பிடுவது. 1981-இல் போக், எய்ட்கின் இருவரும் வகுத்த வழி இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. முதலில் குழுவின் திறன் மணி வடிவில் பரவியிருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். a, b-க்குத் தோராயமான தொடக்க மதிப்புகள் கொடுக்கிறார்கள். அவற்றைக் கொண்டு, ஒவ்வொருவரின் விடை வரிசையும் எந்தெந்தத் திறன் நிலைகளில் எவ்வளவு நம்பத்தக்கது என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பரவலை வைத்து a, b-ஐத் திருத்துகிறார்கள். திருத்தியதைக் கொண்டு மறுபடி முதல் படி. எண்கள் மேலும் அசையாத நிலை வரும்வரை இந்தச் சுற்று தொடரும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, தேர்வர்கள் போதுமான அளவு வேண்டும். இரண்டு எண் வடிவத்துக்குச் சில நூறு பேராவது, முடிந்தால் 500-க்கு மேல், என்பது நடைமுறை வழக்கு. குறைந்தால் திட்டப் பிழைகள் வீங்கும். மற்றது பலரும் மறந்துவிடுவது: அளவுகோலின் 0 எங்கே என்பது நாம் வைத்ததுதான். θ = 0 என்றால் எதுவும் தெரியாதவர் என்று பொருளல்ல; அந்தக் குழுவின் சராசரியர் என்று பொருள். அடுத்த ஆண்டு வேறொரு குழு எழுதினால் அவர்களின் சராசரியும் 0 என்றே தொடங்கும். இரு ஆண்டுகளின் b-களை ஒப்பிட வேண்டுமானால், இரண்டு வினாத்தாள்களிலும் பொதுவாகச் சில வினாக்கள் இருந்து, அவற்றைக் கொண்டு ஓர் அளவுகோலை மற்றதன் மேல் பொருத்த வேண்டும். பொது வினாக்கள் எத்தனை, எப்படிப் பொருத்தினார்கள் என்று சொல்லாத அறிக்கையில் "இந்த ஆண்டு வினாத்தாள் கடினமாகிவிட்டது" என்ற வரிக்கு ஆதாரம் இல்லை.

## அட்டவணையின் தலைப்பைப் படித்தீர்களா?

இது சிறிய விஷயம்தான், ஆனால் நேரடியாகத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். R மொழியில் mirt என்ற தொகுப்பு இந்தப் பணிக்கு அதிகம் பயன்படுகிறது. அதில் சும்மா `coef(mod)` என்று கேட்டால் b வராது. d என்ற வேறொரு எண் வரும். d என்பது a-ஐயும் b-ஐயும் பெருக்கி, குறியை மாற்றியது. 12-ஆவது வினாவின் d, -1.44, ஏழாவதன் d, -0.40. இதைக் கடினத்தன்மை என்று நினைத்தால் குறியும் தலைகீழ், ஒரே b உள்ள இரண்டு வினாக்களும் வெவ்வேறாகத் தோன்றும். கேட்க வேண்டிய முறை இது:

```
mod <- mirt(data, 1, itemtype = "2PL")
coef(mod, IRTpars = TRUE, simplify = TRUE)
```

a-விலும் இது போன்ற ஒரு பழைய வழக்கு உண்டு. சிலர் சூத்திரத்தில் a-க்கு முன் 1.7 என்ற எண்ணைச் சேர்ப்பார்கள். அப்போது நம் 1.8, 1.06 என்று அச்சாகும். வினா அதே வினா, வளைகோடு அதே வளைகோடு. எந்தச் சூத்திரம் என்று ஒரு வரி எழுதாத அறிக்கையின் a-களை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

## தேர்வுத் தகவல்: 40 வினாக்களும் சேர்ந்து எங்கே பேசுகின்றன

இப்போது குன்று போன்ற அந்த வளைகோட்டுக்கு வருகிறோம். ஒவ்வொரு θ-விலும் 40 வினாக்களின் தகவலைக் கூட்டினால் கிடைப்பது தேர்வுத் தகவல். அவ்வளவுதான், வெறும் கூட்டல். இதிலிருந்து ஒருவரின் திறன் மதிப்பீட்டில் வரும் திட்டப் பிழையை உடனே கணக்கிடலாம்: 1-ஐத் தகவலின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். தகவல் 4 என்றால் பிழை 0.5, தகவல் 16 ஆனால் பிழை 0.25. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு தகவல் தேவை.

கணக்கு எளிதாக இருக்க, நம் தேர்வின் 40 வினாக்களையும் மூன்று கட்டுகளாகத் தோராயப்படுத்திக்கொள்வோம். 30 வினாக்களுக்கு a = 1.2, b = -1. ஆறு வினாக்களுக்கு a = 1, b = 0. நான்கு வினாக்களுக்கு a = 1.4, b = 1. பல தேர்வுகளின் இயல்பான சாய்வு இதுதான்: எளிய வினா எழுதுவது எளிது, நல்ல கடினமான வினா எழுதுவது உண்மையிலேயே கடினம். கூட்டிப் பார்த்தால் கிடைப்பது:

| θ | தேர்வுத் தகவல் | திட்டப் பிழை |
|---|---|---|
| -2 | 8.4 | 0.34 |
| -1 | 12.4 | 0.28 |
| 0 | 10.4 | 0.31 |
| 1 | 6.4 | 0.39 |
| 1.5 | 4.6 | 0.47 |
| 2 | 3.0 | 0.58 |

குன்றின் உச்சி -1-க்கு அருகே இருக்கிறது. ஆனால் இந்தத் தேர்வின் கட்-ஆஃப் 1.5. முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் தகவல், உச்சியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. 30 எளிய வினாக்களும் சேர்ந்து 1.5-இல் தருவது 1.95 மட்டுமே. b = 1.5, a = 1.4 உள்ள வினாக்கள் வெறும் நான்கு இருந்தால் அதே தகவல் வந்துவிடும்.

இதை ஒரு தேர்வரின் பக்கம் நின்று பாருங்கள். ஒருவரின் உண்மைத் திறன் 1.2, கோட்டுக்குக் கீழே. அந்த இடத்தில் பிழை சுமார் 0.42. அவருடைய மதிப்பீடு தற்செயலாக 1.5-ஐத் தாண்டும் வாய்ப்பு ஏறக்குறைய 24 சதவீதம். அப்படிப்பட்டவர்களில் நால்வரில் ஒருவர் உள்ளே வந்துவிடுவார். கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் நேரும். அவர்களின் பிழை இன்னும் அதிகம்.

அறிக்கையில் அச்சான 0.88 என்ன சொல்லிற்று? நம்பகத்தன்மை என்பது மதிப்பெண்களின் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் வேறுபாடு என்பது. அந்த 0.88 இந்தத் தேர்வின் எல்லாத் தேர்வர்களுக்குமான சராசரி. தேர்வர்களில் பெரும்பாலோர் -1-க்கும் 1-க்கும் இடையே இருப்பதால், சராசரி அவர்களையே பேசுகிறது. 1.5-இல் நிலவும் பிழையே எங்கும் நிலவினால் அந்த எண் 0.78-ஆக இறங்கிவிடும். 0.88 பொய்யில்லை. முடிவெடுக்கும் இடத்தைப் பற்றி அது பேசவில்லை, அவ்வளவே.

சுருக்கமாக: தேர்வுத் துல்லியம் ஒரே எண் அல்ல, இடத்துக்கு இடம் மாறும் எண். கட்-ஆஃப் எங்கே இருக்கிறதோ அங்கே உள்ள திட்டப் பிழையைத் தேடுங்கள்.

## பன்னிரண்டு வினாக்களை மாற்றினால்

எளிய வினாக்களில் 12-ஐ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் a = 1.4, b = 1.5 உள்ள 12 வினாக்களை வைப்போம். 1.5-இல் நாம் இழப்பது 12 × 0.065, அதாவது 0.78. பெறுவது 12 × 0.49, அதாவது 5.88. தகவல் 4.6-இலிருந்து 9.7-க்கு ஏறுகிறது, பிழை 0.47-இலிருந்து 0.32-க்கு இறங்குகிறது. தேர்வின் நீளம் அதே 40. உண்மைத் திறன் 1.2 உள்ளவர் தவறுதலாகக் கோட்டைத் தாண்டும் வாய்ப்பு 24 சதவீதத்திலிருந்து சுமார் 17 சதவீதமாகிறது. முழுதும் ஒழியவில்லை, கோட்டுக்கு இவ்வளவு அருகே இருப்பவருக்கு அது எந்தத் தேர்விலும் ஒழியாது.

இதற்கு விலையும் உண்டு. -1-இல் தகவல் 12.4-இலிருந்து 8.8-ஆகக் குறைகிறது, பிழை 0.28-இலிருந்து 0.34-ஆகக் கூடுகிறது. தேர்ந்தெடுப்பது மட்டுமே நோக்கம் என்றால் இந்த விலை பரவாயில்லை. பின்தங்கியவர்களுக்கு எந்தப் பாடத்தில் உதவி தேவை என்று கண்டறிவதும் நோக்கம் என்றால், பழைய வினாத்தாளே அவர்களுக்கு நியாயமானது.

இன்னொரு எச்சரிக்கை. புதிய வினாக்களின் a = 1.4 என்பதும் ஒரு மதிப்பீடுதான். பெரிய தொகுப்பிலிருந்து a அதிகம் உள்ளவற்றைப் பொறுக்கி எடுக்கும்போது, உண்மையில் கூர்மையானவற்றோடு, முன்னோட்டத்தில் தற்செயலாகக் கூர்மையாகத் தெரிந்தவையும் சேர்ந்து வந்துவிடும். முன்னோட்டத்தில் தேர்வர்கள் குறைவாக இருந்தால் இது மேலும் மோசம். மறுபடி வேறொரு குழுவில் அளவுத்திருத்தம் செய்யும்போது எதிர்பார்த்த 9.7 சற்றுச் சுருங்கியே வரும். பத்தியோடு ஒட்டிய வினாக்கள் இருந்தாலும் இதே கதை: காகிதத்தில் தகவல் வீங்கியிருக்கும், பிழை இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும்.

வளைகோடு தரவோடு பொருந்துகிறதா என்று கண்ணால் பார்ப்பதும் அவசியம். தேர்வர்களைத் திறன்வாரியாகப் பத்துக் குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்று புள்ளி வைத்தால், புள்ளிகள் கோட்டின் மேலோ அருகிலோ விழ வேண்டும். நடுவில் பள்ளமோ, மேல் நுனியில் மறுபடி இறக்கமோ தெரிந்தால், அந்த வினாவின் a, b இரண்டும் எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் அந்த வினாவை விவரிக்கவில்லை.

## அறிக்கையில் எழுத வேண்டிய பத்தி

இத்தனையையும் ஒரு தேர்வு அமைப்பு எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டால், 0.88 நிற்கும் இடத்தில் இந்தப் பத்தியை அச்சிடச் சொல்வேன்:

"இரண்டு எண் வடிவம், 1.7 சேர்க்கப்படாதது. குழுவின் சராசரி 0, திட்ட விலக்கம் 1. 19-ஆவது வினாவின் விடைக் குறிப்பு 'ஆ'-விலிருந்து 'இ'-க்குத் திருத்தப்பட்டு, எல்லா விடைத்தாள்களும் மறுபடி மதிப்பிடப்பட்டன. 26-ஆவது வினாவின் பிரித்தறிதல் 0.3 என்பதால், அதன் கடினத்தன்மை நம்பத்தக்கதல்ல; அடுத்த தேர்வில் அது இடம்பெறாது. தேர்வுத் தகவலின் உச்சம் -1-க்கு அருகே, சுமார் 12.4. கட்-ஆஃப் 1.5-இல் தகவல் 4.6, திட்டப் பிழை 0.47. ஆகவே மதிப்பீடு 1.5 பெற்ற ஒருவரின் திறன், 95 சதவீத உறுதியுடன், 0.6-க்கும் 2.4-க்கும் இடையில் இருக்கிறது."